வீடியோவில் எரியும் சிவப்புத் துணியை அடக்குவது, முகத்தின் நிறத்தைத் தொடாமல்

முகூர்த்தப் புடவை நல்ல சிவப்புப் பட்டாக இருந்தால், எடிட்டிங் மேசையில் அது பெரும்பாலும் ஒரு தொல்லையோடுதான் வந்து சேரும். நேரில் அரக்குச் சாயலோடு, மடிப்பு மடிப்பாக அழகாக இருந்த பட்டு, மானிட்டரில் சிவப்பு விளக்கைப் போல எரியும். மடிப்பு தெரியாது, நெசவு தெரியாது, ஓரத்தில் சிவப்பு வழிந்து பக்கத்தில் இருப்பவரின் வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருக்கும். சாச்சுரேஷனைக் குறைத்தால் புடவை அடங்கும்; கூடவே மணப்பெண்ணின் முகமும் சாம்பல் பூத்துவிடும். ஆரஞ்சுத் துணி என்றால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

டாவின்சி ரிசால்வை வைத்து எழுதுகிறேன். அடிப்படை எல்லா மென்பொருளுக்கும் ஒன்றுதான், பொத்தான்களின் பெயர்தான் மாறும். உதாரணம் முழுக்க ஒரே ஷாட்: மண்டபத்தில் எல்.இ.டி. விளக்கில், 8 பிட்டில் எடுத்த சாதாரண ரெக்.709 வீடியோ. சிவப்புப் பட்டுப் புடவையில் மணப்பெண், அருகில் வெள்ளைப் பட்டுச் சட்டையில் மாப்பிள்ளை.

முதலில் எந்த ஸ்கோப்பைப் பார்ப்பது

ஒளி அளவு மட்டும் காட்டும் வேவ்ஃபார்மை இந்த வேலைக்கு நம்பக் கூடாது. காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது:

```
Y = 0.2126 R + 0.7152 G + 0.0722 B
```

ரெக்.709-இல் ஒரு புள்ளியின் ஒளி அளவை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். சிவப்புக்குக் கிடைக்கும் பங்கு 21 சதவீதம்தான், பச்சைக்கு 71. நம் ஷாட்டில் புடவையின் ஒளிபட்ட மடிப்பில் கர்சரை வைத்தால், 10 பிட் அளவில் சிவப்பு 1023, பச்சை 140, நீலம் 150 என்று காட்டுகிறது. சிவப்பு உச்சத்தில் முட்டி நிற்கிறது, அதற்கு மேல் போக இடமே இல்லை. ஆனால் மேலே உள்ள கணக்கில் போட்டால் ஒளி அளவு 328, அதாவது 32 சதவீதம். வேவ்ஃபார்மைப் பார்ப்பவருக்கு இது இருட்டான துணி. கேமராவின் ஸீப்ராக் கோடுகளும் பெரும்பாலும் ஒளி அளவை வைத்துத்தான் வருவதால், படம் பிடித்தவருக்கும் அங்கே எந்த எச்சரிக்கையும் கிடைத்திருக்காது.

அதனால் ஸ்கோப்பை `Parade`-க்கு மாற்றுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். அங்கே இரண்டு இடங்களைப் பாருங்கள்: சிவப்பின் மேல் விளிம்பு, அப்புறம் பச்சை, நீலத்தின் கீழ் விளிம்பு. கீழ் விளிம்பைப் பலர் பார்ப்பதில்லை. பாதி விடை அங்கேதான் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். வியூவரில் வலது கிளிக் செய்து `Show Picker RGB Value`-ஐயும் போட்டு வையுங்கள், கடைசி வரை உதவும்.

அறிகுறி: சிவப்பு கண்ணைப் பறிக்கிறது, ஆனால் மடிப்பெல்லாம் தெரிகிறது

பரேடில் சிவப்பு உச்சத்தைத் தொடவில்லை, பச்சையும் நீலமும் தரையில் ஒட்டவில்லை என்றால், துணி வெறுமனே அதிக சாச்சுரேஷனில் இருக்கிறது, அவ்வளவுதான். தகவல் எதுவும் இழக்கப்படவில்லை.

இதற்கு மாஸ்க், குவாலிஃபையர் எதுவும் வேண்டாம். `Curves` பகுதியில் `Sat vs Sat`-ஐத் திறங்கள். இடப்பக்கம் நிறம் குறைந்த புள்ளிகள், வலப்பக்கம் நிறம் மிகுந்த புள்ளிகள். முகத்தில் ஒரு கிளிக் செய்தால் முகம் கோட்டில் எங்கே விழுகிறது என்று தெரியும். அநேகமாக இடப்பக்கப் பாதிக்குள் இருக்கும். அதற்குச் சற்று வலப்பக்கத்தில் ஒரு புள்ளியைப் போட்டுக் கோட்டை அங்கே நிறுத்திவிட்டு, வலது ஓரத்தை மட்டும் கீழே இழுங்கள். புடவை அடங்கும், முகம் அசையாது.

இந்தக் கோடு சிவப்பை மட்டும் பார்ப்பதில்லை. பந்தலில் தொங்கும் அடர் பச்சை, மஞ்சள் மாலை எல்லாமே கொஞ்சம் அடங்கும். மண்டப விளக்கில் அவையும் மிஞ்சித்தான் இருக்கும் என்பதால் எனக்கு அது பெரும்பாலும் பிடித்தே இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால், பின்னால் சொல்லும் குவாலிஃபையரை அதே நோடில் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: துணி மடிப்பே இல்லாமல் தகடு போலத் தெரிகிறது

இதுதான் உண்மையான கிளிப்பிங். சரிசெய்யத் தொடங்கும் முன் கிளிப் எங்கே ஆனது என்று கண்டுபிடித்தாக வேண்டும், ஏனென்றால் அது மூன்று வெவ்வேறு இடங்களில் ஆகலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

மற்ற எல்லா நோடுகளையும் அணைத்துவிட்டு, முதல் நோடில் `Gain`-ஐ மெதுவாகக் குறைத்துக்கொண்டே சிவப்புப் பரேடைப் பாருங்கள். தட்டையாக இருந்த மேல் விளிம்பு கலைந்து, மேலிருந்து புதிதாக மேடு பள்ளங்கள் இறங்கி வந்தால் நல்ல செய்தி: தகவல் கோப்பில் இருக்கிறது. பல கேமராக்கள் 100 சதவீதத்துக்கு மேலும், 109 வரை, பதிவு செய்கின்றன. ரிசால்வ் உள்ளே 32 பிட் ஃப்ளோட்டில் வேலை செய்வதால் உச்சத்துக்கு மேல் இருப்பதைத் தூக்கி எறியாது. அந்த `Gain`-ஐ அப்படியே விட்டுவிட்டு, நடு ஒளியை `Gamma`-வில் மீட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வரிசையில் எங்காவது லட் இருந்தால் இந்தத் திருத்தம் அதற்கு முந்தைய நோடில் இருக்க வேண்டும். சாதாரண லட் 0 முதல் 1 வரையிலான எண்களுக்குத்தான் எழுதப்பட்டிருக்கும், அதற்கு மேல் வருவதை வெட்டிவிடும். லட்டுக்குப் பிறகு எவ்வளவு குறைத்தாலும், வெட்டிய விளிம்பு வெட்டியபடியே கீழே இறங்கும்.

இரண்டாவது இடம் நிற வெளி மாற்றம். லாக்கில் எடுத்த ஷாட்டில்தான் இது வரும். எஸ்-லாக்3, வி-லாக் போன்றவை ரெக்.709-ஐவிடப் பரந்த நிற வெளியில் பதிவாகின்றன. அந்தப் பரந்த வெளிக்குள் நிம்மதியாக இருக்கும் பட்டுச் சிவப்பை ரெக்.709-க்கு மாற்றும்போது, சிவப்பு 1-ஐத் தாண்டும், பச்சையும் நீலமும் சுழியத்துக்குக் கீழே போகும். கீழ் விளிம்பைப் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். பரேடில் சிவப்பு மேலே முட்டுவதோடு, பச்சையும் நீலமும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தால், குற்றம் கேமராவுடையது அல்ல, மாற்றத்துடையது. முழுவதுமாக மீட்கலாம். லட்டை எடுத்துவிட்டு, `Color Space Transform` எஃபெக்டைப் போட்டு, உள்ளே வரும் நிற வெளியையும் காமாவையும் கேமராவுக்கு ஏற்பக் கொடுத்து, `Gamut Mapping Method`-ஐ `Saturation Compression` ஆக்குங்கள். `Saturation Knee` எந்த அளவிலிருந்து அமுக்கத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும். அதையும் `Saturation Max`-ஐயும் மெதுவாக நகர்த்திக்கொண்டே, பச்சையும் நீலமும் தரையிலிருந்து எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பும்போது மடிப்புகளும் கூடவே எழுந்து வரும். முகம் `Knee` எல்லைக்கு வெகு கீழே இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. லாக் ஷாட்டுகளில் பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது இடம் கோப்பு. `Gain`-ஐக் குறைக்கக் குறைக்க, சிவப்பின் மேல் விளிம்பு அதே தட்டையான கோடாகவே இறங்கினால், சிவப்புச் சேனலில் அந்த இடத்துத் தகவல் பதிவாகவே இல்லை. நம் உதாரண ஷாட் இந்த வகை. இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள், கைவிட வேண்டியதில்லை. சிவப்பு 1023-இல் தட்டையாகிவிட்டது, சரி. ஆனால் பச்சை தட்டையாகவில்லை. ஒளிபட்ட மடிப்பின் முகட்டில் பச்சை 200, சற்று உள்ளே 140, பள்ளத்தில் 110. மடிப்பின் வடிவம் முழுதும் பச்சைச் சேனலில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துச் சிவப்புக்குக் கொடுக்க வேண்டும்.

சாச்சுரேஷனைக் குறைப்பதே மறைமுகமாக இதைக் கொஞ்சம் செய்கிறது. சாச்சுரேஷன் என்பது ஒவ்வொரு சேனலையும் ஒளி அளவை நோக்கி இழுப்பது. ஒளி அளவில் பச்சைக்குப் பெரும்பங்கு என்பதால், முக்கால் அளவுக்குக் குறைத்தால் புதிய சிவப்பில் பச்சை சுமார் 0.18 பங்கு கலந்துவிடும். பச்சைக்குள் 200-க்கும் 110-க்கும் உள்ள 90 அளவு வித்தியாசம், சிவப்பில் 16 அளவாக வந்து சேரும். கண்ணுக்கு அது போதாது. ஏதோ மங்கலாகத் தெரிகிறது என்ற அளவில் நிற்கும்.

`RGB Mixer`-இல் இதையே துணிந்து செய்யலாம். முதலில் `Preserve Luminance` டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் எண்ணை அது தன் இஷ்டத்துக்குச் சரிக்கட்டும். `Red Output`-இல் சிவப்பை 0.70 ஆக்கி, பச்சையை 0.70 ஆக்குங்கள். இப்போது முகட்டில் சிவப்பு 856, பள்ளத்தில் 793. தட்டையாக இருந்த இடத்தில் 63 அளவு மேடு பள்ளம் வந்துவிட்டது, உச்சமும் 1023-லிருந்து இறங்கிவிட்டது. ஆரம்பத்தில் கிளிப் ஆகாத நிழல் மடிப்புகள் கொஞ்சம் கருக்கும். பட்டுக்கு அது அழகுதான், நேரில் பார்த்த அரக்குச் சாயல் அதில் திரும்பி வரும். பச்சையின் பங்கை மிக அதிகமாக்காதீர்கள். இருண்ட இடத்துப் பச்சையில் இரைச்சலும் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் சிவப்புக்குள் கொண்டு வருவீர்கள். துணியில் புழுதி பறப்பதுபோல் தெரிந்தால் 0.70-லிருந்து 0.50-க்கு இறங்குங்கள்.

இந்த மிக்ஸரை முழுப் படத்துக்கும் போட முடியாது. மணப்பெண்ணின் கன்னத்தில் சிவப்பு 620, பச்சை 450 என்றால், அதே கணக்கில் சிவப்பு 749 ஆகும்; முகம் காய்ச்சல் வந்ததுபோல் சிவக்கும். ஆகவே புடவையை மட்டும் தனியாகப் பிரித்தாக வேண்டும். உண்மையான கைவேலை அங்கேதான்.

அறிகுறி: துணியை அடக்கினால் முகமும் வெளுக்கிறது

`Hue vs Sat` கோட்டில் சிவப்பைக் கீழே இழுத்தால் இது நடக்கும். காரணம் எளிது. மனிதத் தோல், கறுப்போ மாநிறமோ வெளுப்போ, வெக்டர்ஸ்கோப்பில் ஏறத்தாழ ஒரே கோட்டில்தான் விழுகிறது, அந்தக் கோடு சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருக்கிறது. அதாவது தோல் என்பது ஒளியும் அடர்த்தியும் குறைந்த ஓர் ஆரஞ்சு. நிறச் சாயலை வைத்துச் சிவப்பையும் ஆரஞ்சையும் தேடினால், தோலும் வலையில் விழத்தான் செய்யும்.

நம் ஷாட்டில் கர்சரை நகர்த்தி எடுத்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகிறது. நிறச் சாயலை 360 பாகையில் வைத்துச் சொல்கிறேன். குவாலிஃபையரில் காட்டும் எண்கள் வேறு அளவில் இருக்கும், ஆனால் வரிசை மாறாது. புடவை 359 பாகை, சாச்சுரேஷன் 86 சதவீதம். கன்னம் 19 பாகை, 40 சதவீதம். இவ்வளவுதான் என்றால் யாருக்கும் கஷ்டமில்லை, நடுவில் நிறைய இடம் இருக்கிறது. கஷ்டம் கொடுப்பவை மற்றவை. மோவாய்க்குக் கீழே, கழுத்தில், புடவையின் சிவப்பு எதிரொளித்து விழும் நிழல் 10 பாகை, 56 சதவீதம். கையில் மருதாணி 15 பாகை, 74 சதவீதம். ஜரிகை 34 பாகை, 67 சதவீதம். குங்குமமும் உதட்டுச் சாயமும் கிட்டத்தட்ட புடவையின் எண்களேதான்.

இப்போது எதை எதால் பிரிக்கலாம் என்று தெரிகிறது. கன்னத்தைச் சாச்சுரேஷனால் பிரிக்கலாம். மருதாணியைச் சாச்சுரேஷனால் பிரிப்பது கடினம், ஆனால் சாயல் வேறு. ஜரிகையும் சாயலால் தனியே நிற்கும், அதனால் தங்க நிறம் தங்கமாகவே இருக்கும். கழுத்து நிழல் இரண்டிலும் எல்லையோரம். குங்குமத்தையும் உதட்டையும் நிறத்தால் பிரிக்கவே முடியாது, இடத்தால்தான் பிரிக்க வேண்டும்.

குவாலிஃபையரை `HSL`-இல் வைத்து, ஒளிபட்ட மடிப்பில் ஐட்ராப்பரால் ஒரு முறை தொடுங்கள். `Shift+H` அழுத்தினால் தேர்வான இடம் மட்டும் நிறத்தோடும் மற்றது சாம்பலாகவும் தெரியும். முதலில் `Lum` பகுதியை முழு அகலத்துக்குத் திறந்துவிடுங்கள். புடவையின் நிழல் மடிப்பும் உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் ஒரே துணி இரண்டு நிறமாகும். அடுத்து `Sat`-இன் `Low`-ஐ மெதுவாக ஏற்றுங்கள். கன்னமும் கழுத்து நிழலும் தேர்விலிருந்து விலகிய இடத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகு `Hue`-இன் அகலத்தை மருதாணி விலகும் வரை குறுக்குங்கள். கடைசியாக `Low`-க்குப் பக்கத்தில் உள்ள மென்மையைக் கொஞ்சம் கூட்டுங்கள், எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கக் கூடாது. ஆனால் மென்மையைக் கூட்டக் கூட்ட கழுத்து நிழல் மறுபடி உள்ளே எட்டிப் பார்க்கும். கழுத்தில் கொஞ்சம் பட்டாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. அது புடவையின் எதிரொளிதான். புடவை அடங்கும்போது அதுவும் சிறிது அடங்குவது இயல்பாகவே தெரியும். கன்னம் படக் கூடாது.

குங்குமத்துக்கும் உதட்டுக்கும், அதே நோடில் முகத்தைச் சுற்றி ஒரு வட்ட `Power Window` போட்டு, அதைத் தலைகீழாக்கி, டிராக் செய்யுங்கள். ஒரே நோடில் குவாலிஃபையரும் விண்டோவும் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான இடம் மட்டும்தான் தேர்வாகும். அதாவது சிவப்பு, ஆனால் முகத்துக்கு வெளியே உள்ள சிவப்பு. விண்டோவின் ஓரத்தை நன்றாக மென்மையாக்குங்கள், முக்காடு அல்லது தோள் மேல் போட்ட புடவை முகத்துக்கு மிக அருகில் வரும்.

ஆரஞ்சுத் துணிக்கு வருவோம். ஆரஞ்சு சுடிதாரில் சிவப்பு 1023, பச்சை 420, நீலம் 60 என்று வைத்துக்கொண்டால், சாயல் 22 பாகை. கன்னமோ 19. சாயலால் பிரிக்க வழியே இல்லை, ஆகவே `Hue`-ஐக் குறுக்கிப் பார்த்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஆனால் சாச்சுரேஷன் 94 சதவீதம், கன்னத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். `Sat`-இன் `Low`-ஐ 75-க்கு மேல் தைரியமாக ஏற்றலாம். மருதாணி வைத்த கை அந்த எல்லையை ஒட்டி வரும் என்பதால் கைக்குத் தனி விண்டோ தேவைப்படலாம்.

முகம் உண்மையிலேயே அசையவில்லையா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு சிவப்பு அடங்கியதாலேயே முகம் வேறு மாதிரி தெரியும். கண் அப்படித்தான் வேலை செய்யும். கன்னத்தில் ஒரே இடத்தில் கர்சரை வைத்துக்கொண்டு, `Ctrl+D` அழுத்தி அந்த நோடை அணைத்தும் ஏற்றியும் எண்களைப் பாருங்கள். மூன்று எண்களும் அப்படியே இருந்தால் முகம் தொடப்படவில்லை. நெற்றி, கன்னம், நிழல் விழுந்த தாடை என மூன்று இடங்களில் இதைச் செய்யுங்கள். தாடையில்தான் பெரும்பாலும் பிடிபடும்.

ஷாட் ஓடும்போது துணி ஓரம் துடித்தால், குவாலிஃபையர் தேர்ந்தெடுத்த பரப்பான மேட்டுக்குள் 8 பிட் இரைச்சல் வந்துவிட்டது என்று பொருள். `Matte Finesse`-இல் `Denoise`-ஐக் கொஞ்சம் ஏற்றுங்கள். அதுவும் போதாதென்றால், ஒரு தனி நோடில் படத்தை லேசாக மங்கலாக்கி, அங்கே குவாலிஃபையரைப் போட்டு, அதன் மேட்டை மட்டும் திருத்த நோடுக்கு இணையுங்கள். மங்கலான பிரதியில் இரைச்சல் இல்லை. உங்கள் படம் மங்கலாகவும் ஆகாது.

மேட் சரியானதும், அந்த நோடில்தான் மேலே சொன்ன மிக்ஸர் எண்கள் போக வேண்டும். சாச்சுரேஷனைக் குறைப்பது அதற்கு அடுத்த நோடில், அதே மேட்டோடு. ஒரே நோடில் இரண்டையும் போட்டால் எது என்ன செய்கிறது என்று தெரியாமல் போகும்.

அறிகுறி: மடிப்பின் முகடு மட்டும் ஆரஞ்சாக மாறியிருக்கிறது

சிவப்பு உச்சத்தில் முட்டி நின்றபின் ஒளி இன்னும் கூடினால், சிவப்பு ஏற முடியாது, பச்சை மட்டும் ஏறும். அப்போது சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும். நீலம் வேகமாக ஏறினால் ரோஸ் பக்கம் சாயும். எதிர்பாராத இடத்தில் புடவைக்கு இரண்டு நிறம் இருப்பதுபோல் தெரிவது இதனால்தான்.

புடவையின் மேட்டை எடுத்துக்கொண்டு, இன்னொரு நோடில் `Lum`-இன் கீழ் எல்லையை ஏற்றி முகடுகளை மட்டும் பிடியுங்கள். `Hue vs Hue`-இல் அந்த ஆரஞ்சைச் சிவப்பை நோக்கிச் சிறிது நகர்த்தினால் போதும். முழுவதும் நகர்த்த வேண்டாம்; ஒளிபட்ட பட்டில் கொஞ்சம் சாயல் மாறுவது நெசவின் குணம், அதை அழித்தால் துணி நைலான் போல் ஆகிவிடும்.

அறிகுறி: ஓரத்தில் சிவப்பு கசிந்து பக்கத்துச் சட்டையில் ஒட்டுகிறது

இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றுபோல் தெரியும். படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் ரோஸ் நிறம் அகலமாக, படிப்படியாக மங்கிப் போனால், அது புடவையிலிருந்து தெறித்த உண்மையான ஒளி. மண்டபத்தில் நின்ற எவரும் அதைப் பார்த்திருப்பார்கள். விட்டுவிடலாம், அதிகமாக இருந்தால் விண்டோ போட்டுக் கொஞ்சம் குறைக்கலாம்.

அதுவே ஓரத்தை ஒட்டிச் சில பிக்ஸல் அகலத்தில் மட்டும், கட்டம் கட்டமாக இருந்தால், அது கோப்பின் குறை. 4:2:0 பதிவில் ஒளி முழுத் துல்லியத்தில் இருக்கும், நிறமோ நீளத்திலும் அகலத்திலும் பாதிதான். 1920×1080 படத்தில் நிறம் 960×540. நான்கு பிக்ஸலுக்கு ஒரே நிறம் என்னும்போது, அதில் இரண்டு புடவையிலும் இரண்டு சட்டையிலும் இருந்தால் சட்டைக்கும் சிவப்பு ஒட்டத்தான் செய்யும். எல்லா நிறத்திலும் இது உண்டு. அடர் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

புடவையின் சாச்சுரேஷனைக் குறைத்ததுமே இந்தக் கசிவும் பெரும்பகுதி அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, மாறாகப் புடவையைச் சுற்றி ஒரு ரோஸ் கோடு தனியாகத் தெரிய ஆரம்பித்தது என்றால், உங்கள் மேட் ஓரத்தைப் பிடிக்கவில்லை. கசிந்த பிக்ஸல்களின் சாச்சுரேஷன் புடவையைவிடக் குறைவு, ஆகவே `Low` எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. `Matte Finesse`-இல் `Blur Radius`-ஐச் சிறிது கொடுத்து, `In/Out Ratio`-வை மேட் வெளிப்பக்கம் விரியும் திசையில் நகர்த்துங்கள். ரோஸ் கோடு மறையும் அளவுக்கு மட்டும். அதற்கு மேல் விரித்தால் புடவைக்குப் பக்கத்தில் இருக்கும் கையைச் சுற்றிச் சாம்பல் வளையம் விழும், அது கசிவைவிட அசிங்கம்.

ஷாட் 4கே-வில் எடுத்ததாக இருந்து, நீங்கள் 1080-இல் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். 3840×2160 கோப்பில் நிறம் 1920×1080 அளவில் இருக்கிறது. டைம்லைன் 1080 என்றால் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் தனி நிறம் கிடைத்துவிடுகிறது. ஆனால் கடைசியில் எச்.264 ஆக ஏற்றுமதி செய்யும்போது மறுபடி 4:2:0 ஆகிவிடும். ரிசால்வில் சுத்தமாகத் தெரிந்த ஓரம் இணையத்தில் ஏற்றியபின் மீண்டும் கசிகிறது என்று பலர் திகைப்பது இதனால்தான். அதை முற்றிலும் தவிர்க்க முடியாது. ஏற்றுமதி செய்த கோப்பையே திரும்ப டைம்லைனில் போட்டு ஓரத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் புடவையை இன்னும் கொஞ்சம் அடக்கி, மறுபடி ஏற்றுமதி செய்வதுதான் நடைமுறை.

படம் பிடிக்கும் இடத்திலேயே

கோப்பில் கிளிப் ஆன சிவப்பு எப்போதும் அரை மீட்புத்தான் என்பதால், கேமராவில் செய்யக்கூடிய இரண்டைச் சொல்கிறேன். முதலாவது வெள்ளைச் சமன். மண்டபத்து மஞ்சள் விளக்கில் கேமராவை 5600-இல் விட்டிருந்தால் சிவப்புச் சேனல் ஏற்கெனவே தூக்கிய நிலையில் இருக்கும், சிவப்புப் புடவை அதை எளிதாக உச்சிக்குத் தள்ளிவிடும். விளக்குக்கு ஏற்ற கெல்வினுக்கு இறக்கினால் சிவப்பு தானாக மூச்சு விடும். வண்ணத்தைத் துடிப்பாக்கும் பட அமைப்பு எதுவும் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், அது 8 பிட் கோப்புக்குள்ளேயே சுடப்பட்டுவிடும்.

இரண்டாவது ஒளி அளவு. உங்கள் கேமராவிலோ வெளி மானிட்டரிலோ ஆர்.ஜி.பி. பரேடு இருந்தால் முகத்துக்கு வைத்த எக்ஸ்போஷரில் புடவையின் சிவப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால், சிவப்புப் பட்டு பிரதானமாக வரும் ஷாட்டுக்கு அரை ஸ்டாப் முதல் முக்கால் ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள். முகம் சற்று இருட்டாகப் பதிவாகும், ஆனால் முகத்தின் மூன்று சேனல்களிலும் தகவல் இருப்பதால் அதை மேலே தூக்கிவிடலாம்.